52-இலிருந்து 27 போனால்: ஒரு நாற்பது நிமிடப் பாடவேளையைத் திரும்ப எழுதிய கதை

மூன்றாம் வகுப்பு, கணக்கு, மதியம் முதல் பாடவேளை. அன்றைக்கு 28 பிள்ளைகள் வந்திருந்தார்கள். பாடம் கடன் வாங்கிக் கழித்தல். பாடநூலில் இனமாற்றம் என்று இருக்கும், ஆனால் வகுப்பில் நானும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டு அக்காக்களும் கடன் வாங்குதல் என்றுதான் சொல்கிறோம், அதனால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். என் பாடக்குறிப்பு நோட்டில் எல்லாம் இருந்தது. ஆர்வமூட்டல், அறிமுகம், செயல்பாடு, வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி. தலைமை ஆசிரியர் கையெழுத்தும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், எதற்கு எத்தனை நிமிடம் என்று எங்குமே எழுதவில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு அந்த நேரம் ஓய்வு. "சும்மா பின்னாடி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்க டீச்சர், என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்க" என்று கேட்டிருந்தேன். அவர் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அடங்கி உட்கார, வருகை எடுக்க 4 நிமிடம். சிலேட்டும் பலப்பமும் கொடுத்து முடிக்க 6. நான் கரும்பலகையில் நான்கு கணக்கு போட்டு விளக்கியது 17 நிமிடம். நடுவில் ஒரு பதிவேடு கேட்டு ஆள் வந்து போனது 2. பிள்ளைகள் பலகையில் இருந்ததை நோட்டில் பார்த்து எழுதியது 8. கடைசி 3 நிமிடத்தில் 52 − 27 என்று ஒரு கணக்கு கொடுத்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டது, நோட்டை வாங்கி வைத்தேன். அடியில் ஒரு வரி தனியாக எழுதியிருந்தார்: "புரிஞ்சுதா என்று 9 முறை கேட்டீர்கள். 9 முறையும் புரிஞ்சுது டீச்சர் என்றார்கள்."

அதாவது நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே யோசித்த நேரம் மூன்றே நிமிடம். இதில் எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிவேட்டு ஆள் மேல்தான், ஆனால் கணக்குப் பார்த்தால் அவர் தின்றது இரண்டு நிமிடம், நான் தின்றது பதினேழு.

சாயங்காலம் நோட்டைத் திருத்தினேன். 12 பேர் 25 என்று சரியாகப் போட்டிருந்தார்கள். 13 பேர் 35. மூன்று பேர் வேறு ஏதோ. 35-ஐப் பார்த்ததும் எனக்கு உடனே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்: கடன் வாங்கிவிட்டு, பத்தாம் இடத்தில் 5-ஐ அடித்து 4 ஆக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதானே. மறுநாள் இருபது நிமிடம் "அடித்து எழுது, அடித்து எழுது" என்று அதையே சொல்லிக் கொடுத்தேன். பாதிப் பேர் சரியானார்கள். மீதிப் பேருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதே தெரியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்புறம்தான் ஒரு பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு." அவ்வளவுதான். கடன் என்ற பேச்சே இல்லை. மேலே இருப்பது சிறியது என்றால் கீழே இருப்பதிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டியது, எதில் எது போகிறது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்து ஒரு பையன்: "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், கடன் வாங்கணும், பன்னண்டுல ஏழு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு." இவனுக்கும் 35. இரண்டு பேரும் இரண்டு வழியில் நடந்து ஒரே தப்பான வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இது ஏன் நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தால் கணக்கு ரொம்ப எளிது. ஒன்றாம் இடத்தில் 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் 5. தலைகீழாகக் கழித்தால் 5 வரும், கடன் வாங்கிக் கழித்தால் பத்திலிருந்து அந்த 5 போக மறுபடி 5-தான் வரும். வித்தியாசம் 5 இல்லாத எண்களைக் கொடுத்திருந்தால் இரண்டு தப்பும் பிரிந்து நின்றிருக்கும். உதாரணமாக 52 − 28. சரியான விடை 24. தலைகீழாகக் கழிக்கிற பிள்ளைக்கு 36 வரும். கடன் வாங்கிவிட்டு அடிக்க மறக்கிற பிள்ளைக்கு 34 வரும். விடையைப் பார்த்தாலே பிள்ளை எந்த வழியில் வந்தது என்று தெரியும், எழுந்து போய்க் கேட்க வேண்டியதில்லை. நான் கொடுத்த கணக்கில் ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தால் ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும். 63 − 28, 71 − 46 இதெல்லாமும் அதே வலைதான், பயிற்சிக்குக் கொடுக்கலாம், சோதிப்பதற்குக் கொடுக்கக் கூடாது.

இதற்குப் பிறகு நான் பாடக்குறிப்பை எழுதும் முறையையே தலைகீழாக்கினேன். முன்பெல்லாம் ஆர்வமூட்டலில் ஆரம்பித்து மதிப்பீட்டில் முடிப்பேன், மதிப்பீடு என்ற தலைப்புக்குக் கீழே "வினாக்கள் கேட்டு மதிப்பிடுதல்" என்று ஒரு வரி இருக்கும். இப்போது முதலில் எழுதுவது சோதனைக் கணக்கைத்தான். அதற்கு வரக்கூடிய தப்பு விடைகளையும், ஒவ்வொன்றும் வந்தால் நான் என்ன செய்வேன் என்பதையும் எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறேன். அடுத்த திங்கட்கிழமை அதே பாடத்தை மறுபடி எடுத்தபோது நோட்டில் இருந்தது இது:

0–3: உள்ளே வரும்போதே பலகையில் 46 − 23 இருக்கும். வருபவர் வர வர சிலேட்டில் போடலாம். (கடன் இல்லாத கணக்கு, பழையது நினைவிருக்கிறதா என்று பார்க்க.)
3–8: குச்சிக் கட்டு. 43 வைத்துக் காட்டு. 4 கட்டு, 3 உதிரி.
8–17: 43 − 17. உதிரி போதவில்லை, கட்டைப் பிரி. செய்ததையே பலகையில் எழுத்தில்.
17–20: சோதனை 1. 52 − 28. (24 / 36 / 34)
20–31: பிரிந்து வேலை. 36 என்னோடு தரையில். 34-க்கு இரண்டு நிமிடம். 24-க்குப் பயிற்சித் தாள் 1, பிறகு தாள் 2. [தாள் 2 விடலாம்]
31–36: சோதனை 2. 61 − 35, 68 − 23. தாளில் எழுதி வாங்கு.
36–40: காலி.

கடைசி வரியைப் பார்த்து எங்கள் தலைமை ஆசிரியர், "என்ன டீச்சர், நாலு நிமிஷம் சும்மா இருக்கப் போறீங்களா" என்றார். சும்மா இருக்க யாருக்கு முடியும். அந்த நான்கு நிமிடம் பதிவேட்டு ஆளுக்கும், மூக்கில் ரத்தம் வரும் பையனுக்கும், சத்துணவு முடிந்து தாமதமாக வருகிற கடைசி வரிசைக்கும். 40 நிமிடப் பாடவேளைக்கு 40 நிமிடம் எழுதினால் வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருப்பதுதான், கடைசியில் இருப்பது எப்போதும் மதிப்பீடுதான். 36-க்கு மட்டும் எழுதினால் அது தப்பிக்கும்.

சிலேட்டு கொடுக்கப் போன 6 நிமிடத்தை எப்படி மிச்சப்படுத்தினேன் என்றால், சாப்பாடு முடிந்து வரும்போதே வரிசைத் தலைவர்கள் நான்கு பேர் சிலேட்டையும் பலப்பத்தையும் அவரவர் இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. இதற்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை, ஒரு வாரம் நினைவுபடுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். 26 பேர் வந்திருந்தார்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஆறு செட் வைத்திருந்தேன், நான்கைந்து பேருக்கு ஒரு செட். 43-ஐ வைப்பது வரை சிக்கல் இல்லை. 17-ஐ எடுக்கச் சொன்னபோது எல்லாக் குழுவும் ஒரே இடத்தில் நின்றது: மூன்று உதிரி இருக்கிறது, ஏழு வேண்டும். ஒரு குழு நேராக என்னிடம் வந்து "ஏழு குச்சி கொடுங்க டீச்சர்" என்று கேட்டது. இன்னொரு குழுவில் ஒரு பையன் கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றாமலேயே நான்கு குச்சியை உருவ முயற்சி செய்துகொண்டிருந்தான், அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, கட்டைக் கலைக்கத்தான் மனம் வரவில்லை. "பிரி, பரவாயில்லை" என்றதும் பிரித்துப் பதின்மூன்று உதிரியை எண்ணினான். பலகையில் 4-ஐ அடித்து 3 என்று எழுதியபோது அது எதனுடைய அடையாளம் என்று அவன் கையில் இருந்தது, மூன்று கட்டு. போன வாரம் நான் 17 நிமிடம் பேசியதில் இல்லாத ஒன்று இதுதான்.

ஆனால் நேரம் ஓடிவிட்டது. 17-இல் முடிய வேண்டியது 21-இல் முடிந்தது, இரண்டு ரப்பர் பேண்டு அறுந்ததும் ஒரு காரணம். பழைய நானாக இருந்தால் இங்கே பதற்றத்தில் சோதனையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போயிருப்பேன். நோட்டில் [தாள் 2 விடலாம்] என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதை வெட்டலாம் என்பதை வகுப்புக்கு முந்தைய நாள் ராத்திரி முடிவு செய்துவிட வேண்டும். வகுப்பில் நிற்கும்போது முடிவு செய்தால், செய்வதற்குக் கஷ்டமானதைத்தான் கை வெட்டும்.

சோதனை 1-க்கு ஒரு சட்டம் உண்டு. விடையை மட்டும் பெரிதாக எழுத வேண்டும், எழுதியதும் சிலேட்டைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், நான் "தூக்கு" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அணைத்துக்கொள்ளச் சொல்லாவிட்டால் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடுபவர் என்று பெயரெடுத்த இரண்டு பேரின் விடை பத்து நொடியில் இருபது சிலேட்டுக்குப் பரவிவிடும், அது சரியாகவே இருந்தாலும் எனக்குப் பயனில்லை. தூக்கியதும் நான் வரிசை வரிசையாக நடந்தேன். 24 என்று 12 பேர், 36 என்று 8 பேர், 34 என்று 5 பேர், ஒருவன் கூட்டி 80 என்று எழுதியிருந்தான்.

இந்த எண்ணிக்கைக்கு என்ன செய்வது என்பதும் நோட்டில் இருந்தது. இருபது பேருக்கு மேல் சரி என்றால் எல்லோருக்கும் தாள், தப்பானவர்களை மட்டும் நடந்துபோய்ப் பார்க்கலாம். பத்துக்குக் கீழே என்றால் யாரையும் பிரிக்க வேண்டாம், மொத்த வகுப்பும் மறுபடி குச்சிக்கு. நடுவில் வந்தால் பிரிப்பது. இந்த 20-உம் 10-உம் வேத வாக்கு இல்லை, என் வகுப்பின் அளவுக்கு நான் போட்டுக்கொண்ட கோடு. 12 வந்ததால் பிரித்தேன்.

34 எழுதிய ஐந்து பேரை முதலில் கூப்பிட்டேன், ஏனென்றால் அவர்கள் வேலை சுருக்கம். அவர்களுக்கு யோசனை சரி, எழுத்துதான் விட்டுப்போகிறது. "எத்தனை கட்டு இருந்தது, ஒன்றைப் பிரித்த பிறகு எத்தனை கட்டு" என்று ஒரே கேள்வி. நான்கு பேர் தாங்களே 5-ஐ அடித்தார்கள். கூட்டிய பையனுக்குக் குறியைக் காட்டினேன், "ஓ" என்றான். 36 எழுதிய எட்டு பேரோடு தரையில் உட்கார்ந்தேன். இவர்களிடம் "அடித்து எழுது" என்று சொன்னால் காற்றில் போகும். எட்டுக் குச்சி எடுக்கச் சொன்னேன், இரண்டுதான் உதிரியாக இருக்கிறது. இரண்டிலிருந்து எட்டை எடுக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்கிறார்கள், சிலேட்டில் மட்டும் எட்டிலிருந்து இரண்டை எடுத்துவிடுகிறார்கள். போன வாரம் "ஏழுல ரெண்டு" என்று சொன்ன அதே பெண் குச்சியையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது மேல இருக்கறதுல இருந்துதான் எடுக்கணுமா" என்று கேட்டாள். நான் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்த கழித்தலில் அந்த ஒரு செய்தி அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. கடன் இல்லாத கணக்கில் பெரியது எப்போதும் மேலேயே இருக்கும், அதனால் அவளுடைய வழியும் சரியான விடையையே கொடுத்துக்கொண்டிருந்தது.

31-ஆவது நிமிடத்தில் தொடங்க வேண்டிய சோதனை 2-ஐ 34-இல் தொடங்கினேன், காலியாக விட்ட நான்கு நிமிடம் அங்கே போனது. கால் தாளில் பெயரும் இரண்டு விடையும். 61 − 35-க்கு 26 என்று சரியாக எழுதியவர்கள் 19 பேர், 34 என்று (இந்தக் கணக்கில் தலைகீழ் வழிக்கு 34, மறதி வழிக்கு 36) மூன்று பேர், 36 என்று நான்கு பேர். எல்லாத் தாளையும் பிரித்து மூன்று கட்டாக வைக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணக்குக்குக் கணக்கு எந்த எண் எந்தத் தப்பு என்பது மாறும், அதனால்தான் அதை முன்பே எழுதி வைக்கச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து நான் ஒருமுறை 36-ஐ எல்லாம் தப்பான குவியலில் போட்டேன்.

இரண்டாவது கணக்கு 68 − 23. இதில் கடனே வேண்டாம். எதற்காக வைத்தேன் என்றால், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட பிள்ளை அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும். 45 என்று 21 பேர். நான்கு பேர் 315. அதாவது பதினெட்டில் மூன்று போனால் பதினைந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். ஒருவர் 35. இதே கணக்கு காலையில் பலகையில் இருந்திருந்தால் இந்த ஐந்து பேரும் சரியாகப் போட்டிருக்கக்கூடியவர்கள், அன்றைய பாடம் உண்டாக்கிய தப்பு இது. பாடம் தோற்றது என்று அர்த்தமில்லை, ஆனால் இந்தக் கணக்கை வைக்காமல் விட்டிருந்தால் எனக்கு இது பரீட்சைத் தாளில்தான் தெரிந்திருக்கும்.

மாற்றுச் செயல்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன். முன்பு என் நோட்டில் மாற்றுச் செயல்பாடு என்று இருந்தது "படத்திற்கு வண்ணம் தீட்டுதல்". அதற்கு நகல் எடுத்த தாள் வேண்டும், வண்ணக் குச்சி வேண்டும், கழித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் மாற்று தேவைப்படுகிற நாளில் கையில் எதுவுமே இருக்காது. செட் தொலைந்திருக்கும், அல்லது மழையில் பாதி வகுப்பு வந்திருக்காது, அல்லது பக்கத்து வகுப்பு டீச்சர் பயிற்சிக்குப் போயிருப்பார், அவர் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்திருப்பார்கள். எனவே இப்போது நான் மாற்றை மூன்று கேள்வி கேட்டுத்தான் நோட்டில் சேர்க்கிறேன்: பொருள் இல்லாமல் நடக்குமா, எந்த நிமிடத்திலும் நிறுத்தலாமா, அன்றைய பாடத்தின் அதே வேலையைச் செய்கிறதா.

கழித்தலுக்கு நான் வைத்திருப்பது "ஐம்பதிலிருந்து இறக்கம்". இரண்டு பேர் எதிரெதிரே. இருவர் சிலேட்டிலும் 50. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி இருவரும் ஒரு கையில் விரல் நீட்ட வேண்டும், இரண்டு பேர் விரலையும் கூட்டி, முதல் முறை முதல் ஆள் தன் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், அடுத்த முறை மற்றவர். 50-இலிருந்து 7 போனால் 43, 43-இலிருந்து 8 போனால் 35. பத்தைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் கடன் தானாக வந்து நிற்கிறது. எப்போது நிறுத்தினாலும் யார் சிலேட்டில் சிறிய எண் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். ஐந்து நிமிடமும் ஆடலாம், முப்பது நிமிடமும் ஆடலாம். மற்றவர் கழித்தது சரியா என்று எதிராளி பார்த்துக்கொண்டே இருப்பார், எனக்கு அந்த வேலை மிச்சம், சண்டையைத் தீர்க்கிற வேலை மட்டும் கூடும்.

அந்த வாரமே அது தேவைப்பட்டது. புதன்கிழமை பாடம் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். குச்சி போதாது, இடமும் போதாது. மூன்றாம் வகுப்பு 50-இலிருந்து, ஐந்தாம் வகுப்பு 500-இலிருந்து, அவர்களுக்கு விரல் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏழு என்றால் 71. 500 − 71-இல் இரண்டு பூஜ்யம் வரிசையாக நிற்பதால் ஐந்தாம் வகுப்பிலேயே நாலைந்து பேர் திணறினார்கள், அதைக் குறித்து அவர்கள் டீச்சரிடம் கொடுத்தேன்.

இந்த வடிவம் எங்கே உதவாது என்பதும் எனக்கு இப்போது ஓரளவு தெரிகிறது. 45 பேர் இருக்கும் வகுப்பில் மூன்று நிமிடத்தில் சிலேட்டைப் படித்து எண்ண முடியாது. அங்கே வேலை பார்க்கும் என் தோழி மூன்று விடையையும் பலகையில் எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று விரல் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொல்கிறார். வேகம்தான், ஆனால் ஊகித்துக் காட்டுகிற பிள்ளை சரியான விடையில் ஒளிந்துகொள்ளும். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்திருக்கிறவர்களுக்கு 40 நிமிடம் என்பதே கிடையாது, ஒரு வகுப்புக்குக் கிடைப்பது பதினைந்தோ இருபதோ, அவர்கள் சோதனை 1-ஐயும் பிரிந்து வேலையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறுநாளுக்குத் தள்ளலாம். தமிழ்ப் பாடத்தில் கதை வாசிக்கும் நாளில் 36-உம் 34-உம் மாதிரித் துல்லியமாகத் தப்பைப் பிரிக்கிற கேள்வி எனக்கு இன்னும் அமையவில்லை, முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் உள்ளே வரும்போது பலகையில் 74 − 31, 74 − 38 என்று இரண்டு கணக்கு பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. கீழே ஒரே ஒரு கேள்வி: எதில் கட்டைப் பிரிக்க வேண்டும்? கணக்கைப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 315 எழுதிய நால்வரில் மூன்று பேர் இரண்டாவதை மட்டும் தொட்டுக் காட்டினார்கள். நான்காவது பையன் இரண்டையும் காட்டினான், அவனோடு 3-ஆவது நிமிடத்திலிருந்து 8-ஆவது நிமிடம் வரை தரையில் உட்கார்ந்தேன்.